வரி மட்டும் திரும்பும்

டைம் ஆபீஸ் என்றால் எங்கள் கம்பெனியில் கோயில் சந்நிதி மாதிரி. உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் அங்கே தலையைக் காட்டாமல் ஒருவனும் நகர முடியாது. அந்தச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஓய்வு பெறும் நாள்வரை எங்கள் எல்லோருடைய வருகையையும் எழுதியவன் தீர்த்தகிரி. இன்ன தேதி, இன்ன ஷிப்ட் என்று அவன் எழுதினால் எழுதியதுதான். மேனேஜரே வந்து கெஞ்சினாலும் திருத்த மாட்டான். அப்படிப்பட்டவனை நம்பி டெல்லிக்குப் போக விமான டிக்கெட் எடுத்து, விமானத்தை ஒரு முழு நாள் வித்தியாசத்தில் தவறவிட்டவர்கள் நாங்கள்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி விட்டுவிடலாம். ஆனால் சறுக்கியது ஒரு யானை இல்லை. டிக்கெட்டை நானும்தான் பார்த்தேன். என் கண்ணிலும் ஒரு தப்பும் படவில்லை.

நான் முனிவேல். ஓசூர் சிப்காட்டில் கிரைண்டிங் செக்‌ஷனில் இருந்து ஓய்வு பெற்றவன். தீர்த்தகிரி டைம் ஆபீஸ். மூன்றாவது ஆள் கங்கப்பன், டூல் ரூம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூவரும் தளி ரோட்டில் ஒரு மாடி அறையில் ஒன்றாக இருந்தோம். வீட்டுக்காரம்மா தெலுங்கு. கங்கப்பன் வீட்டில் பேசுவது கன்னடம். நாங்கள் இரண்டு பேர் தமிழ். சண்டை தெலுங்கில் தொடங்கி கன்னடத்தில் முற்றி, சோறு தமிழில் பரிமாறப்படும். அன்றைய ஓசூரில் வெயில் காலத்திலும் விடிகாலையில் பல் கிட்டும். இருந்தது ஒரே ஸ்வெட்டர். யாருக்கு நைட் ஷிப்டோ அவனுக்கு அது. மூவருக்கும் நைட் என்றால் கங்கப்பனுக்கு, ஏனென்றால் அவன்தான் ஒல்லி.

அந்த அறைக்கு ஒரு சட்டம் இருந்தது. யார் செலவு செய்தாலும் யாரும் கணக்கு கேட்கக் கூடாது. கணக்கு பேசுகிறவன் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். சட்டம் போட்டது தீர்த்தகிரி. நாள் முழுக்க ஊரார் கணக்கை எழுதிவிட்டு வருகிறவனுக்கு அறையிலாவது நிம்மதி வேண்டாமா என்பான்.

பிறகு கம்பெனி வடக்கே ருத்ரபூரில் ஒரு தொழிற்சாலை திறந்தது. டூல் ரூமுக்குப் பழகின ஆள் வேண்டும் என்று கங்கப்பனைத் தூக்கிப் போட்டார்கள். அவன் குடும்பத்தோடு ரயில் ஏறிய நாளில் எங்கள் இருவருக்கும் முதல் ஷிப்ட். ஆடிட் நேரம், லீவ் கிடையாது. வழியனுப்ப முடியவில்லை. அதை அவன் மறக்கவே இல்லை. போனில் ஒவ்வொரு முறையும் ஊருக்கு வாடா என்போம். நீங்கள் ரெண்டு பேரும் வந்து கூப்பிட்டால் வருகிறேன், இல்லாவிட்டால் அந்த ஊர் எல்லையை மிதிக்க மாட்டேன் என்பான். விளையாட்டாகத் தொடங்கியது வருடங்கள் போகப்போக வீம்பாகிவிட்டது. அவன் மனைவி அங்கேயே தவறினாள். மகன் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தான். கங்கப்பனும் ஓய்வு பெற்று, பேசத் தமிழும் இல்லாமல் கன்னடமும் இல்லாமல் வீட்டில் கிடந்தான். 

கடைசியில் இந்த வருடம், சரி, போய்க் கூப்பிட்டே விடுவோம் என்று கிளம்பினோம். ராயக்கோட்டை ரோட்டில் டிராவல்ஸ் வைத்திருக்கும் சுசித்ராவிடம் போனோம். எங்கள் செக்‌ஷனில் இருந்த ஒருவரின் மகள், எங்களை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். ஏதோ தள்ளுபடி விற்பனை ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் இருவருக்கும் பெங்களூரிலிருந்து டெல்லிக்குப் போக, இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பி வர. கங்கப்பனுக்கு எங்களோடு திரும்பி வர மட்டும். மலிவு டிக்கெட், போகாவிட்டால் பணம் திரும்பாது என்று சுசித்ரா முன்கூட்டியே சொன்னாள். போகாமல் என்னம்மா, செத்தால்தான் போகமாட்டோம் என்று நான்தான் வாய்ப்பந்தல் போட்டேன்.

போகும் விமானம் பன்னிரண்டாம் தேதி, நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டு ஐம்பதுக்கு. பன்னிரண்டாம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் சரியாக இருக்கும் என்றான் தீர்த்தகிரி. எனக்கும் சரியாகத்தான் பட்டது. கம்பெனியில் வேலை செய்யாதவர்களுக்கு இது விளங்காது. எங்களுக்குச் சி ஷிப்ட் என்றால் பன்னிரண்டாம் தேதி ராத்திரி உள்ளே போய் மறுநாள் விடிந்து வெளியே வருவது. நடுவில் நள்ளிரவு வரும், போகும். தேதி மாறாது. ராத்திரி இரண்டு மணிக்கு விரல் நசுங்கினாலும் அது பன்னிரண்டாம் தேதி விபத்துதான். வாழ்நாள் முழுக்க அப்படியே எழுதியவன் தீர்த்தகிரி, அப்படியே கையெழுத்துப் போட்டவன் நான். எங்களைப் பொறுத்தவரை ஒரு தேதி முடிவது பொழுது விடிந்தபிறகுதான்.

விமானக் கம்பெனிக்காரன் டைம் ஆபீஸில் வேலை பார்த்தவன் இல்லையே. அவன் பன்னிரண்டாம் தேதி பிறந்த உடனேயே கிளம்பிப் போய்விட்டான். பதினோராம் தேதி ராத்திரி நாங்கள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தோம்.

பன்னிரண்டாம் தேதி காலையில் நான் சலூனில் உட்கார்ந்து தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தேன். சுசித்ரா போன் செய்தாள். டெல்லியில் குளிராண்ணா, பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா என்று கேட்டாள். ராத்திரிதானேம்மா போகிறோம் என்றேன்.  அதன்பின் அவள் சொன்னதைக் கேட்டு, பாதிச் சாயத்தோடு தீர்த்தகிரி வீட்டுக்கு ஓடினேன்.

 அவன் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தான், முகம் வெளுத்துவிட்டது. முதலில் கங்கப்பனுக்குத்தான் போன் செய்தான். கங்கப்பன் எங்களைக் கூட்டிப்போக ருத்ரபூரிலிருந்து பஸ் பிடித்து டெல்லி விமான நிலையத்துக்கே வருவதாகச் சொல்லியிருந்தான். ‘நின்னு நின்னு பாத்தேன், நீங்க வரல, திரும்பிட்டேன், பரவால்ல வுடு’ என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். தீர்த்தகிரி அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

அடுத்த விமானத்துக்குக் கேட்டால், எங்கள் மூன்று டிக்கெட்டையும் சேர்த்தாலும் காணாத விலை. சரி, ரயிலில் போவோம் என்றேன். எந்த முகத்தோடு போவது என்றான் தீர்த்தகிரி. அவன் இல்லாமல் நான் மட்டும் போய் என்ன செய்ய? பயணம் அதோடு நின்றது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. கங்கப்பனும், நான் வரவில்லை, என் டிக்கெட்டையும் ரத்து செய்துவிடுங்கள் என்று ஒரு வரி அனுப்பிவிட்டான்.

மறுநாள் என் போனுக்கு என் டிக்கெட் பணம் முழுவதும் வந்து விழுந்தது. அனுப்பியவன் தீர்த்தகிரி. எனக்கு வந்ததே கோபம். அறையின் சட்டத்தைப் போட்டவனே மீறுகிறான். அப்போதே திருப்பி அனுப்பினேன். அவன் மறுபடி அனுப்பினான். நான் மறுபடி திருப்பினேன். இப்படி அந்தப் பணம் ஒரு நாள் முழுக்க எங்கள் இரண்டு போனுக்கும் நடுவில் ஷட்டில் ஆடியது. அதன்பின் அவன் போனை எடுப்பதை நிறுத்திவிட்டான். கேட்டதற்கு, ஜவளகிரியில் நிலத்தைப் பார்க்கப் போய்விட்டார், எப்போது வருவார் தெரியாது என்றாள் அவன் மனைவி. தினமும் சாயங்காலம் டீக்கடையில் ஒன்றாக நிற்கும் ஆள். ஒரு வாரம் நான் தனியாக நின்றேன். டீ குடிக்கவே பிடிக்கவில்லை. எங்களில் ஒருவனை வடக்கே கொடுத்தாயிற்று, மிச்சமிருந்த ஒருவனையும் ஒரு டிக்கெட்டுக்காக இழந்துவிடுவேனோ என்று பயம் வந்தது. உண்மையைச் சொன்னால், அந்தப் பயம்தான் என்னைச் சுசித்ரா கடைக்கு இழுத்துக்கொண்டு போனது. ஏதாவது கொஞ்சம் திரும்பி வந்தாலும் அதைக் காட்டி அவனை மனிதனாக்கலாமே.

ஒன்றும் திரும்பாதாம்மா என்று கேட்டேன். சுசித்ரா டிக்கெட்டைக் கணினியில் திறந்து, கட்டணம் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று காட்டினாள். அடிப்படைக் கட்டணம் போனது போனதுதான், அதோடு ஒட்டின ஜிஎஸ்டியும் போகும், அவள் கடைக் கூலியும் திரும்பாது. ஆனால் கீழே தனியாக இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று விமான நிலையத்தைப் பயன்படுத்துவதற்கான கட்டணம், இன்னொன்று பாதுகாப்புச் சோதனைக்கான கட்டணம். இரண்டையும் சேர்த்துப் பொதுவாக வரி என்றுதான் சொல்வார்களாம்.

“இது ரெண்டும் ஏர்ப்போர்ட்டுக்குள்ள நடந்து போறவங்ககிட்ட வாங்கறதுண்ணா. நீங்க போகவே இல்ல. அப்ப அது ஏர்லைன்காரன் காசு கெடையாது, உங்களுது. டிக்கெட் எவ்ளோ மலிவா இருந்தாலும், ரத்து பண்ணாம வுட்டு ஃப்ளைட்டு போயிட்டாலும், இதை அவங்க குடுத்துதான் ஆவணும். ரூல் அப்படி.”

திரும்பி வரும் விமானத்துக்கானதும் இதில் சேருமாம். போகும்போது ஏறாவிட்டால் வருகிற பயணத்தையும் விமானக் கம்பெனியே ரத்து செய்துவிடும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அப்படி ரத்தானாலும் டெல்லி விமான நிலையத்து வரி எங்களுடையதுதான் என்றாள். தள்ளுபடி டிக்கெட் என்பதால் அடிப்படைக் கட்டணமே கொஞ்சம், அதனால் மொத்தத்தில் இந்த வரிகள் கண்ணில் படுகிற அளவுக்கு இருந்தன.

நான் நினைத்த மாதிரி எழுதிப் போட்டதும் வந்துவிடவில்லை. சுசித்ரா டிக்கெட் எடுக்கும் ஒரு பெரிய முகவர் கம்பெனி இருக்கிறது, அதன் வழியாகத்தான் கேட்க வேண்டும். முதலில், இது பணம் திரும்பாத டிக்கெட், திரும்பும் தொகை பூஜ்யம் என்று பதில் வந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அவள் சிரித்தாள், முதல் பதில் எப்போதும் இதுதானாம். விதியை எடுத்துக் காட்டி மறுபடி எழுதினாள். இரண்டாவது பதிலில், தருகிறோம், ஆனால் அடுத்த பயணத்துக்குக் கழித்துக்கொள்ளும் கிரெடிட்டாகத் தருகிறோம் என்றார்கள். கிரெடிட்டா காசா என்று முடிவு செய்ய வேண்டியது பயணிதான், அவர்களாகக் கிரெடிட்டில் போடக் கூடாது என்று அதற்கும் எழுதினாள். மூன்றாவது பதில்தான் ஒழுங்காக வந்தது. எங்கள் இருவரின் வரியையும் பணமாகவே தருகிறோம், பயணி சம்மதிக்க வேண்டும், அவர் மொபைலுக்கு ஒரு எண் வரும், அதை உடனே தெரிவிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

மொபைல் தீர்த்தகிரியுடையது. மூன்று டிக்கெட்டுக்கும் அவன் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். அவனோ ஜவளகிரியில், போனை எடுக்காமல்.

சுசித்ரா இன்னொன்றும் ஞாபகப்படுத்தினாள். கங்கப்பன் அண்ணாவின் டிக்கெட் தனி. அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, விமானம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவர் வரப்போவதில்லை என்றால் அதற்கு முன்பே ரத்து செய்துவிட்டால் அவர் வரியை வாங்குவது சுலபம். அதற்கும் எண் தீர்த்தகிரியின் போனுக்குத்தான் வரும். இரண்டையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம், நீங்கள் அங்கே போய்க் கூப்பிடுங்கள், நான் இங்கிருந்து அனுப்புகிறேன் என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை தளி வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். அந்த ரோட்டில் எங்கள் பழைய அறை இருந்த இடத்தை பஸ் தாண்டியது. அங்கே இப்போது டூ வீலர் ஷோரூம். நைட் ஷிப்ட் முடித்து மூவரும் அந்த ரோட்டில் நடந்து வருவோம். உலகமே புது நாளைத் தொடங்கிக்கொண்டிருக்கும், எங்களுக்கு மட்டும் நேற்று முடியாமல் இருக்கும். வீட்டுக்காரம்மா வாசல் தெளித்தபடி, உங்களுக்கு இன்னும் நேத்தேதானா என்று தெலுங்கில் கேலி செய்வாள். கங்கப்பன் அவளிடம் சூடாக ராகிக் களி வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் படுப்பான். அந்த நேற்று எவ்வளவு நன்றாக இருந்தது என்று பஸ்ஸில் உட்கார்ந்து நினைத்தபோது, எனக்கு வெட்கமில்லாமல் கண் கலங்கியது. பக்கத்தில் இருந்தவர் சன்னலை மூடவா, தூசியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஜவளகிரியில் காட்டை ஒட்டி அவன் நிலம். தீர்த்தகிரி மாட்டுக்கொட்டகைப் பக்கம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். தாடி முளைத்திருந்தது. என்னைப் பார்த்து, வா என்று மட்டும் சொன்னான். வரி திரும்பும் கதையை நான் முழுக்கச் சொன்னேன். உனக்கு வேண்டுமானால் வாங்கிக்கொள், எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றான். உன் போனுக்கு வரும் எண்ணைச் சொன்னால் போதும் என்றேன். சரி, சொல்கிறேன், ஆனால் பணம் உனக்கு என்றான்.

“நீ இன்னும் கணக்குதான் பேசற,” என்றேன்.

“கணக்கு இல்லடா. அந்த ஆளு ராத்திரியெல்லாம் பஸ்ஸுல வந்து, நம்ம மூஞ்சிய தேடி அங்க நின்னான். ரயிலேத்தி வுடக்கூட அன்னைக்கு நாம போவல. கூப்பிடவும் போவல. எல்லாரு தேதியும் எழுதுனன், அவனுக்கு மட்டும் ரெண்டு தபா ஆப்சென்ட் ஆயிட்டன்.”

 முதலில் போனை எடு என்றேன்.

வீட்டுக்குள் சிக்னல் இல்லை. காட்டு யானை வராமல் இருக்கத் தோண்டிய அகழி ஓரம், மேட்டில் நின்றால் கிடைக்கும் என்றான். இருவரும் மேட்டுக்குப் போனோம். சுசித்ராவைக் கூப்பிடுவதற்கு முன்னால் கங்கப்பனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம், அவன் டிக்கெட்டை அவன் சொல்லாமல் எப்படி ரத்து செய்வது என்று அவனுக்குப் போன் செய்தேன். தீர்த்தகிரி பேசமாட்டேன் என்று கையை ஆட்டினான். கேட்கவாவது செய் என்று ஸ்பீக்கரில் போட்டேன். தீர்த்தகிரி பக்கத்தில் இருப்பதைக் கங்கப்பனிடம் சொல்லவில்லை.

கங்கப்பன் குரல் மந்தமாக இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். விமான நிலையத்துக்குள் காலடி வைக்காதவனுக்கு அந்தக் கட்டணம் திரும்பும், எங்களுக்கு வரப்போகிறது, உன்னுடையதையும் வாங்கிவிடலாம், ரத்து செய்யட்டுமா என்று கேட்டேன். செய் என்றான். பேச்சை இலேசாக்குவோம் என்று, எங்களுக்காவது காலடி வைக்காததற்குக் காசு திரும்புகிறது, நீ ஒருத்தன்தான் அங்கே வந்து சும்மா நின்றவன், அந்த நிற்புக்கு எந்தக் கம்பெனியும் திருப்பித் தராது என்று கேலியாகச் சொன்னேன்.

அவன் சிரிக்கவில்லை.   தீர்த்தகிரி எப்படி இருக்கிறான் என்று கங்கப்பன் கேட்டான். ஊரைவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறான், நீ அங்கே நின்றதை நினைத்து நினைத்துச் சாகிறான் என்றேன்.

“முனிவேலு, நான் நிக்கலடா.”

எனக்குப் புரியவில்லை. என்னடா சொல்கிறாய் என்றேன்.

“நான் டெல்லிக்குப் போவவே இல்ல. பன்னெண்டாந்தேதி ஃப்ளைட்டுன்னு சொன்னீங்க. பன்னெண்டாந்தேதி ராத்திரி பஸ்ஸுக்குத்தான் சீட்டு போட்டு வச்சிருந்தன். காலைல அவன் போன் பண்ணி, நீ நின்னிருப்பியேடான்னு அழுவறான். அப்பதான் எனக்கு ஒறைக்குது. நீங்க மட்டும் சரியா வந்திருந்தா, பாஷை தெரியாத ஊர்ல ரெண்டு பேரும் என்னைத் தேடி நின்னிருப்பீங்க. நான் ஊட்ல படுத்துத் தூங்கிக்கிட்டு இருந்திருப்பன். எப்படிச் சொல்லுவன்? அதான் நின்னன்னு சொல்லிட்டன். அப்பறம் உங்க மூஞ்சியில முழிக்கவே கூச்சமா போச்சு. வரலன்னு சொன்னதும் அதுக்குத்தான்.”

நான் தீர்த்தகிரியைப் பார்த்தேன். அவன் அகழியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என் கையிலிருந்து போனைப் பிடுங்கினான்.

“டேய், பன்னெண்டாந்தேதின்னு எப்படிடா கணக்கு பண்ண?”

யார் குரல் என்று கங்கப்பனுக்கு உடனே தெரிந்துவிட்டது.

“நீ எழுதற மாதிரிதான். சி ஷிப்டு.”

தீர்த்தகிரி சிரித்தான். பல நாள் தாடியோடு, அந்த மேட்டில் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்துக்கொண்டே அழுதான். போனில் கங்கப்பனும் என்னவோ கன்னடத்தில் திட்டிக்கொண்டே அழுதான். மூன்று மூலையில் மூன்று பேர் ஒரே தேதியை ஒரே மாதிரி தப்பாகப் படித்திருக்கிறோம். கம்பெனி எங்களை வெளியே அனுப்பிவிட்டது, எங்களுக்குள்ளிருந்து கம்பெனி போகவில்லை. எனக்கு அது வருத்தமாக இல்லை. இத்தனை வருடம் கழித்தும் நாங்கள் மூவரும் ஒரே கடிகாரத்தில்தான் இருக்கிறோம் என்று தெரிந்ததில், சத்தியமாகச் சொல்கிறேன், பெருமையாக இருந்தது.

அழுது முடித்ததும் தீர்த்தகிரி மூக்கைத் துண்டில் துடைத்துக்கொண்டான். பழையபடி டைம் ஆபீஸ் சன்னல் குரல் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விமானம், நடுப்பகல், அதில் யாருக்கும் எந்தக் குழப்பமும் வராது, நீ ஏறி வா என்றான். கங்கப்பன் முனகினான். நீங்கள் வந்து கூப்பிட வேண்டும் என்பதுதானே பேச்சு, தனியாக எப்படி வருவது, விமானத்தில் ஏறியதே இல்லையே என்றான்.

“அன்னைக்கு உன்னை ரயிலேத்தி வுடாத நாள்லேந்து நான் ஒருநாளும் நிம்மதியா இருந்ததில்ல. இப்ப கூப்பிடறன், கேட்டுக்க. கங்கப்பா, ஊருக்கு வா. பெங்களூர்ல வெளிய வர்ற வாசல்ல நாங்க ரெண்டு பேரும் இருப்போம். வா.”

 பின்னணியில் கங்கப்பனின் மகன் ஏதோ இந்தியில் கேட்டான், இவன் ஏதோ சொன்னான். பிறகு, குளிருமா என்று கேட்டான். இப்போதெல்லாம் ஓசூரில் குளிர் எங்கேடா என்றேன் நான். ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டே வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டான்.

அதற்குள் சுசித்ரா இரண்டு முறை கூப்பிட்டிருந்தாள். நான் அவளைக் கூப்பிட்டுப் போனைத் தீர்த்தகிரியிடம் கொடுத்தேன். அவள் அங்கே பொத்தானை அழுத்த, இவன் போனில் அடுத்தடுத்து இரண்டு செய்திகள் வந்து விழுந்தன. ஒன்று எங்கள் இருவரின் வரியைத் திரும்பப் பெறச் சம்மதம். இன்னொன்று கங்கப்பனின் டிக்கெட்டை ரத்து செய்யச் சம்மதம். தீர்த்தகிரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, முதல் எண்ணை ஒவ்வொன்றாக, அந்தக் காலத்தில் டோக்கன் நம்பர் வாசிப்பது போல வாசித்தான். ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், இன்னும் சில நாளில் பணம் வந்துவிடும், வந்ததும் பிரித்துத் தருகிறேன் என்றாள் சுசித்ரா. பிரிக்க வேண்டாம், மொத்தமாக எவனுக்காவது அனுப்பு, எங்களுக்குள் கணக்கு கிடையாது என்றான் அவன்.

கங்கப்பன் அண்ணா எண்ணையும் சொல்லுங்க, இன்னும் கொஞ்ச நேரம்தான் செல்லும் என்றாள் அவள்.

தீர்த்தகிரி அந்தச் செய்தியைப் பார்த்தபடி நின்றான்.

“அது வேண்டாம்மா,” என்றான். “அந்த வரிய அவங்களே வச்சிக்கட்டும். எங்காளு ஏர்ப்போர்ட்டுக்குள்ள நடந்து வர்றான்.”